ஆஃபர் லெட்டரில் 30,000, கையில் எவ்வளவு?

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: ‘மெக்கானிக்கல் முடித்தேன். சென்னையில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் சப்போர்ட் வேலை. ஆண்டுக்கு 3.6 லட்சம் சி.டி.சி. இரண்டு வருட பாண்டு, இடையில் விலகினால் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும். சேரும் நாளில் ஒரிஜினல் சான்றிதழ்களையும் கேட்கிறார்கள். சேரலாமா, நல்ல வேலைக்குக் காத்திருக்கலாமா?’

முதலில் சம்பளக் கணக்கு. 3.6 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 30,000 வரும் என்று வீட்டில் சொல்லியிருப்பீர்கள். அது வராது. சி.டி.சி. என்பது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. கைக்கு வராத தொகைகளும் அதில் அடக்கம்.

அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் உங்கள் பெயரில் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். கிராஜுவிட்டிக்கு ஏறக்குறைய 720. மருத்துவக் காப்பீட்டுக்கு 500 போகட்டும். ஆண்டு இறுதியில் உங்கள் வேலையையும் நிறுவனத்தின் லாபத்தையும் பார்த்துத் தரும் ‘வேரியபிள் பே’ பத்து சதவீதம் என்றால் மாதத்துக்கு 3,000. இவற்றைக் கழித்தால் 24,000 அளவில் நிற்கும். அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,800 பிடிப்பார்கள். தொழில்வரியும் கொஞ்சம் போகும். கைக்கு வருவது 22,000-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

பி.எஃப். பணம் உங்களுடையதுதான், எங்கும் போகாது. ஆனால் நிரந்தர ஊழியர் கிராஜுவிட்டி பெறப் பொதுவாக ஐந்து ஆண்டு பணி முடிய வேண்டும். இரண்டு வருடத்தில் கிளம்பினால் அது காகிதத்தில் மட்டும் இருந்த பணம். எனவே ‘மாதம் கையில் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு?’ என்று எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அடுத்து பாண்டு. ‘அது செல்லவே செல்லாது’ என்று நண்பர்கள் சொல்வார்கள், நம்பாதீர்கள். 2025-ல் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அது பொதுத்துறை வங்கி. ஆளெடுக்கப் பெரிய தேர்வு நடைமுறையும் செலவும் உண்டு என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. அதற்காக பாண்டு என்றாலே அடிமைச் சாசனம் என்று பயப்படவும் வேண்டாம். வேலையில் இருந்தே தீர வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் உங்களைக் கட்டாயப்படுத்தாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீட்டையே கோர முடியும். அந்த ஒன்றரை லட்சத்துக்கு ஈடாக என்ன பயிற்சி, எத்தனை வாரம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள். பயிற்சியே இல்லாத இடத்தில் அந்தத் தொகைக்கு நியாயம் சொல்வது அவர்களுக்குக் கடினம்.

நடைமுறையில் தொல்லை வேறு இடத்திலிருந்து வரும். பாதியில் விலகியவருக்கு ரிலீவிங் லெட்டர் தராமல் இழுத்தடிப்பார்கள். அடுத்த நிறுவனம் அதைத்தான் முதலில் கேட்கும். ஆகவே இரண்டு வருடம் தாங்க முடியும் என்று தோன்றினால் மட்டும் கையெழுத்திடுங்கள்.

ஒரிஜினல் சான்றிதழ் விஷயத்தில் என் பதில் ஒன்றுதான்: கொடுக்காதீர்கள். சரிபார்க்க எடுத்துப் போய்க் காட்டுங்கள், நகல் கொடுங்கள், அன்றே திரும்ப வாங்கி வாருங்கள். விடமாட்டோம் என்றாலோ, டெபாசிட் என்று பணம் கேட்டாலோ, அந்த வாசலை மிதிக்க வேண்டாம்.

சப்போர்ட் வேலையை இளக்காரமாகப் பேசுவோர் உண்டு. டிக்கெட்டை வாங்கி அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுவதோடு நின்றால் அவர்கள் சொல்வது சரியாகிவிடும். அதே பிழை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று லாகைப் படித்து, எஸ்.க்யூ.எல். எழுதித் தரவைத் தோண்டப் பழகினால், ஒரு வருடத்தில் உள்ளேயே வேறு குழுவுக்குக் கேட்கும் தகுதி வந்துவிடும். மெக்கானிக்கல் படித்தவருக்கு ஐ.டி.க்குள் நுழைய இது நேர்மையான வழி.

ஆகவே, சான்றிதழைக் கேட்பதை அவர்கள் கைவிட்டு, பயிற்சி விவரத்தையும் எழுத்தில் தந்தால் சேருங்கள்; இதைவிட நல்ல வேலைக்கென்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். இரண்டில் ஒன்று மறுக்கப்பட்டாலும் வேறு இடம் தேடுங்கள். சேர்ந்த பிறகு மாதந்தோறும் பி.எஃப். கணக்கில் பணம் ஏறுகிறதா என்று யு.ஏ.என். எண்ணைக் கொண்டு பாஸ்புக்கைப் பாருங்கள். நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கு, எவரும் மறைக்க முடியாத சாட்சி அதுதான்.