நேற்றைய கிளிக்கின் கணக்கு இன்னும் முடியவில்லை

இணையத்தில் விளம்பரம் கொடுத்து வியாபாரம் செய்கிறவர்களுக்குத் திங்கட்கிழமை காலை ரிப்போர்ட் பார்க்கும் நேரம். கூகுள் ஆட்ஸ் கணக்கைத் திறந்து, போன வாரத்தை அதற்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிடுவார்கள். செலவு அதேதான், கிளிக்கும் அதேதான், ஆர்டர் மட்டும் குறைந்திருக்கும். உடனே விளம்பரத்தை நடத்துகிறவருக்குப் போன் போகும். "போன வாரம் என்ன ஆச்சு?" என்ற அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் சரியான பதில், "ஒன்றும் ஆகவில்லை, போன வாரம் இன்னும் முடியவில்லை" என்பதுதான்.

இந்தப் பதில் சமாளிப்பு போலத் தோன்றலாம். கணக்கு எழுதப்படும் விதத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

ஒருவர் உங்கள் விளம்பரத்தைக் கிளிக் செய்ததும், உங்கள் தளத்தின் முகவரியோடு கூகுள் ஒரு நீண்ட அடையாளக் குறியைச் சேர்த்து அனுப்புகிறது. முகவரிப் பட்டியில் gclid என்று தொடங்கும் பகுதி அது. அந்தக் குறி அவருடைய பிரவுசரில் குக்கியாகச் சேமிக்கப்படுகிறது. அவர் அன்றே வாங்கலாம். இரண்டு நாள் யோசித்து, வீட்டில் கேட்டு, நான்கு தளங்களில் விலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தும் வாங்கலாம். பணம் கட்டி முடித்து, 'ஆர்டருக்கு நன்றி' என்ற பக்கம் திறக்கும்போது அங்குள்ள சிறு நிரல் கூகுளுக்குத் தகவல் சொல்கிறது. கூகுள் அந்த ஆர்டரைப் பழைய கிளிக்கோடு பொருத்துகிறது. இதைத்தான் கன்வெர்ஷன் என்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது தேதி. "Conversions" என்ற பத்தியில் அந்த ஆர்டர் வாங்கிய நாளில் எழுதப்படுவதில்லை, கிளிக் செய்த நாளில் எழுதப்படுகிறது. 3-ஆம் தேதி கிளிக் செய்து 9-ஆம் தேதி வாங்கினால், 9-ஆம் தேதிக்கு எதுவும் கூடாது, 3-ஆம் தேதியின் எண்ணிக்கையில் ஒன்று கூடும். இதில் நியாயம் உண்டு. 3-ஆம் தேதி செலவழித்த பணம் எவ்வளவு ஈட்டியது என்று தெரிய வேண்டுமானால், அந்தப் பணம் கொண்டுவந்த ஆர்டர் அந்தத் தேதியில்தான் இருக்க வேண்டும். ஆனால் செலவு அன்றே முழுசாக ஏறிவிடுகிறது, ஆர்டரோ சிறுகச் சிறுக வந்து சேர்கிறது. எத்தனை நாள் வரை காத்திருந்து சேர்ப்பது என்பதை நாமே அமைக்கலாம். தளத்தில் நடக்கும் விற்பனைக்குக் கூகுளின் இயல்பான அளவு 30 நாள், அதிகபட்சம் 90 நாள். அந்தக் காலம் கழியும் வரை எந்த நாளின் கணக்கும் திறந்தேதான் இருக்கும்.

எண்களோடு பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். கோவையில் வெட் கிரைண்டர் செய்து இணையத்தில் விற்கும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். தினமும் விளம்பரச் செலவு 8,000 ரூபாய். ஒரு நாளின் கிளிக்குகளிலிருந்து கடைசியில் 20 ஆர்டர் வரும், அதாவது ஓர் ஆர்டருக்கு 400 ரூபாய் செலவு. கிரைண்டர் பார்த்தவுடன் வாங்கும் பொருள் இல்லை. அந்த 20-இல் 8 பேர் அன்றே வாங்குகிறார்கள். மறுநாள் முடிவதற்குள் எண்ணிக்கை 11 ஆகிறது, ஒரு வாரத்தில் 17, இரண்டு வாரத்தில் 19. கடைசி ஆர்டர் மாதம் முடிவதற்குள் வருகிறது. எல்லா நாளும் இப்படியே, துளி மாற்றமும் இல்லை என்றும் வைத்துக்கொள்வோம்.

15-ஆம் தேதி காலையில் ரிப்போர்ட் எடுக்கிறோம். 14-ஆம் தேதிக்கு 8 ஆர்டர்தான் தெரியும், ஓர் ஆர்டர் 1,000 ரூபாய்க்கு விழுந்ததுபோல் இருக்கும். 8 முதல் 14 வரையிலான வாரத்தைக் கூட்டினால் 94 ஆர்டர். 1 முதல் 7 வரையிலான வாரத்துக்கு 126. இரண்டு வாரத்துக்கும் செலவு 56,000 ரூபாய்தான். ஒரே வாரத்தில் ஆர்டர் 25 சதவீதம் சரிந்து, ஓர் ஆர்டருக்கான செலவு 444-லிருந்து 596 ரூபாய்க்கு ஏறிவிட்டது என்று ரிப்போர்ட் சொல்கிறது. உண்மையில் இரண்டு வாரமும் ஒன்றே. அடுத்த மாதக் கடைசியில் அதே ரிப்போர்ட்டை எடுத்தால் இரண்டிலும் 140 இருக்கும். இந்தச் சரிவு எந்தத் திங்கட்கிழமை பார்த்தாலும் தெரியும். புதிய வாரம் எப்போதும் பழைய வாரத்திடம் தோற்றபடியே இருக்கும்.

புதிதாக எதையாவது சோதித்துப் பார்க்கிறவர்களுக்கு இதனால் வரும் நஷ்டம் பெரிது. 8-ஆம் தேதி விளம்பர வாசகத்தை மாற்றிவிட்டு, 15-ஆம் தேதி 'மாற்றுவதற்கு முன், மாற்றிய பின்' என்று ஒப்பிடுகிறவர், நல்ல மாற்றத்தையும் தோல்வி என்று எழுதிவிடுவார். புதிய வாசகம் பழையதைவிடப் பத்து சதவீதம் மேலாக வேலை செய்திருந்தாலும் அந்த ரிப்போர்ட்டில் அது தெரிய வழியில்லை. நல்ல முயற்சிகள் பல இப்படித்தான் ஒரே வாரத்தில் கைவிடப்படுகின்றன.

இதற்கு மாற்றாகக் கூகுள் இன்னொரு பத்தியையும் வைத்திருக்கிறது: "Conversions (by conv. time)". இதில் ஆர்டர் வாங்கிய நாளிலேயே எழுதப்படும். கூகுள் அனலிட்டிக்ஸிலும் விற்பனை நடந்த நாளே கணக்கு. அதனால்தான் இரண்டு ரிப்போர்ட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. வாங்கிய தேதிப் பத்தியைப் பார்த்தால் கடைசி நாட்கள் மெலிந்து தெரியாது. அதனால் பலர் இதற்கு மாறிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். தீராது, வேறு பக்கம் போய்விடும்.

அதே கிரைண்டர் நிறுவனம், போன வாரச் சரிவைக் கண்டு பயந்து 15-ஆம் தேதி பட்ஜெட்டைப் பாதியாக, 4,000 ரூபாயாகக் குறைக்கிறது என்போம். அன்றைய கிளிக்குகளிலிருந்து அன்றே 4 ஆர்டர் வரும். முந்தைய நாட்களின் கிளிக்குகளிலிருந்து வர வேண்டிய 12 ஆர்டரும் அன்று வரும். வாங்கிய தேதிப் பத்தியில் 16 ஆர்டர், ஓர் ஆர்டருக்கு 250 ரூபாய்! செலவைக் குறைத்ததும் விளம்பரம் அற்புதமாக வேலை செய்வதாகத் தோன்றும். பழைய கிளிக்குகளின் வரத்து வற்ற வற்ற ஆர்டர் தினம் பத்தில் வந்து நிற்கும், செலவு மறுபடியும் 400 ரூபாய்தான். நிறுவனம் எதையும் மிச்சப்படுத்தவில்லை, விற்பனையைப் பாதியாக்கிக்கொண்டது, அவ்வளவே. மாறாக, பட்ஜெட்டை 16,000 ஆக்கியிருந்தால் முதல் நாள் 28 ஆர்டர், ஓர் ஆர்டருக்கு 571 ரூபாய் என்று தெரியும். செலவை ஏற்றியவர் பயந்துபோய் மறுநாளே இறக்கிவிடுவார். பட்ஜெட் மாறும் நாட்களில் வாங்கிய தேதிப் பத்தியை நம்பக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் உங்கள் வியாபாரத்தில் தாமதம் எவ்வளவு? கேம்பெய்ன் பட்டியலுக்கு மேலே உள்ள "Segment" பொத்தானில், "Conversions" என்பதன் கீழ் "Days to conversion" என்று இருக்கும். கிளிக் செய்ததிலிருந்து எத்தனை நாளில் எத்தனை ஆர்டர் வந்தது என்று அது பிரித்துக் காட்டும். இங்கேயும் ஒரு சறுக்கல் உண்டு. கடந்த 30 நாள் என்று தேதியை வைத்துப் பார்த்தால் தாமதம் உண்மையைவிடக் குறைவாகவே தெரியும், ஏனென்றால் அந்த நாட்களின் தாமதமான ஆர்டர்கள் இன்னும் வரவே இல்லை. உங்கள் காத்திருப்புக் காலம் 30 நாள் என்றால், குறைந்தது 30 நாளுக்கு முன்பே முடிந்துபோன ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பிரிவு கையில் இருந்தால், முடியாத வாரத்தைத் தோராயமாக மதிப்பிடலாம். கிரைண்டர் கணக்கில், முடிந்த கையோடு பார்க்கும் வாரம் தன் இறுதி எண்ணிக்கையில் சுமார் 67 சதவீதத்தைக் காட்டுகிறது. ஒரு வாரம் அதே கட்டத்தில் 94 காட்டினால் பயம் வேண்டாம், 140-ஐத் தொடும். 80 மட்டுமே காட்டினால் கடைசியில் 120-ஐ ஒட்டித்தான் நிற்கும், அது விசாரிக்க வேண்டிய சரிவு. இதை ஒரு வாரத்துக்குச் செய்யலாம், ஒற்றை நாளுக்குச் செய்யக் கூடாது. எட்டு ஆர்டர் வர வேண்டிய நாளில் எந்தக் காரணமும் இல்லாமலே ஐந்து வரலாம், பதினொன்றும் வரலாம். அதை இரண்டரையால் பெருக்கினால் தற்செயலும் சேர்ந்து பெருகும். பண்டிகைக் காலத்தில் இந்த விகிதமே மாறிவிடும். தீபாவளிச் சலுகை வரும் என்று தெரிந்தவர்கள் இன்று கிளிக் செய்துவிட்டுக் காத்திருப்பார்கள். சலுகையின் கடைசி நாளிலோ பார்த்த உடனே வாங்குவார்கள். சாதாரண மாதத்தின் விகிதத்தை அந்த வாரங்களுக்குப் போடுவது தவறு.

இதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு, செலவும் இல்லை. தினமும் காலையில், முந்தைய நாளின் செலவையும் அந்த நேரத்தில் தெரியும் ஆர்டர் எண்ணிக்கையையும் ஒரு ஷீட்டில் எழுதி வைத்துவிட வேண்டும். ரிப்போர்ட்டில் பழைய எண்ணைத் தேடினால் பிறகு கிடைக்காது, அது ஏறிப்போயிருக்கும். ஷீட்டில் இருந்தால், நேற்றைய நாளைப் போன வாரத்து நாளின் இன்றைய எண்ணோடு ஒப்பிடாமல், அந்த நாள் நேற்றைய நாளாக இருந்தபோது காட்டிய எண்ணோடு ஒப்பிடலாம். வழக்கமாக எட்டு இருக்கும் இடத்தில் தொடர்ந்து ஐந்து நாள் ஐந்தோ ஆறோதான் இருந்தால், அதற்குத் தாமதம் காரணம் இல்லை. திடீரென்று பூஜ்யமாகி, நாள் போகப் போகவும் ஏறாமலே நின்றால், தளத்தில் உள்ள நிரல் அறுந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது சொந்த ஆர்டர் ரிஜிஸ்டரைப் பார்த்தால் அங்கே ஆர்டர்கள் இருக்கும்.

ஏலத்தொகையைத் தானாக முடிவுசெய்யும் கூகுளின் ஸ்மார்ட் பிட்டிங் இந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதற்கு இலக்கு வைக்கும் மனிதர் எடுத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் சிக்கல். ஓர் ஆர்டருக்கு இவ்வளவுதான் என்ற இலக்கை வாரத்துக்கு ஒருமுறை, முடியாத எண்களைப் பார்த்து இறக்கிக்கொண்டே போனால், அது ஏலத்தில் குறைவாகக் கேட்கும், கிளிக் குறையும், அடுத்த வாரம் உண்மையாகவே ஆர்டர் குறையும்.

விளம்பரத்தை வெளியாள் நடத்தினாலும் நீங்களே நடத்தினாலும், ரிப்போர்ட்டின் தலைப்பில் இரண்டு வரி கேட்டு வாங்குங்கள்: இந்த எண்கள் எந்தத் தேதியில் எடுத்தவை, கடைசி எத்தனை நாட்களின் கணக்கு இன்னும் ஏறும். கிரைண்டர் நிறுவனத்துக்கு அந்தக் கடைசிப் பகுதி 14 நாள். பட்ஜெட்டை வெட்டுவதா, கூட்டுவதா என்ற முடிவை அதற்கு முந்தைய நாட்களை வைத்து எடுங்கள்.