நாற்காலியை ஒப்படைக்கும் பேச்சு

அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர் ஓய்வு பெற்றால் பணி நிறைவு விழா நடக்கும். பொன்னாடை, மாலை, ஒரு சுவர்க் கடிகாரம், நாலு பேர் பாராட்டு, கடைசியில் அவருடைய ஏற்புரை. அதே தெருவில் நாற்பது வருஷம் சலூன் வைத்திருந்தவர் தொழிலை விட்டால் என்ன நடக்கிறது? திங்கட்கிழமை இரவு ஷட்டரை இறக்குவார். செவ்வாய் வார விடுமுறை. புதன்கிழமையும் ஷட்டர் ஏறாது. சில நாளில் அதன் மேல் ‘கடை வாடகைக்கு’ என்று எழுதியிருக்கும். வாடிக்கையாளர்கள் வேறொரு கடையில் போய் உட்கார்ந்து, ‘பக்கத்துல ரொம்ப எடுத்துடாதீங்க’ என்று முதலிலிருந்து தொடங்குவார்கள்.

இதற்குப் பின்னால் சாதி இருக்கிறது. கிராமத்தில் வீடு வீடாகப் போய்ச் சவரம் செய்தவருக்குக் கூலி, அறுவடைக் களத்தில் அளந்து போடும் நெல். அவர் செய்ததை வேலை என்று நினைத்தார்களே தவிர, நன்றி சொல்ல வேண்டிய ஒன்றாக யாரும் நினைக்கவில்லை. டவுனில் சலூன் வந்த பிறகுதான் கையில் ரொக்கமும், முதலில் வந்தவருக்கு முதலில் என்ற வரிசையும் வந்தன. அந்த வரிசையிலும் தலித்துகளுக்கு இடமில்லை என்று சொல்லும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எப்படியானாலும், முடிதிருத்துபவர் மைக் பிடித்து விடைபெறும் வழக்கம் நம்மிடம் உருவாகவில்லை. உருவாக வேண்டும் என்பது என் கட்சி. மரியாதைக்காக மட்டும் இல்லை, வாடிக்கையாளர்களுக்கும் அதில் நடைமுறைப் பயன் உண்டு.

தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அதனால்தான் நம்மில் பலர் மாதம் ஒரு முறை போய் உட்காருகிறோம். முப்பது வருஷம் ஒரே கடைக்குப் போனவர் அந்த நாற்காலியில் சுமார் 360 தடவை உட்கார்ந்திருப்பார். கடைக்காரர் அந்தத் தலையைப் படிக்க அவ்வளவு வாய்ப்பு. உச்சியில் சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது, ஒன்றா இரண்டா என்று அவருக்குத் தெரியும். சுழிமேல் உள்ள முடியை அரைகுறையாகக் குட்டையாக்கினால் அது குத்திட்டு நிற்கும். கொஞ்சம் நீளமாக விட்டுப் படிய வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒட்ட வெட்டிவிட வேண்டும். சிலருக்குக் கழுத்துப் பக்கம் தாடி மேல்நோக்கி வளரும். அதை அறியாமல் எதிர்ப்போக்கில் கத்தியை ஓட்டினால் மறுநாள் பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்பும். வயதானவரின் கன்னத்தை இடது கட்டைவிரலால் இழுத்துப் பிடித்தால்தான் கத்தி சீராக இறங்கும். இதய நோய்க்கு ரத்தத்தை இளக வைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் சட்டென்று நிற்காது. படிகாரத்தை அதிக நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இதெல்லாம் எந்த நோட்டிலும் இல்லை. கடைக்காரர் போனால் கூடவே போய்விடும். ஆகவே அவருடைய விடைபெறும் பேச்சில் நன்றியைவிட ஒப்படைப்புக்குத்தான் அதிக இடம் வேண்டும்.

ஒரு மாதிரிக்கு, சின்ன டவுனின் கடைவீதி ஒன்றில் 1984 முதல் கடை நடத்தியவர் என்று வைத்துக்கொள்வோம். நாள் செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி. பெஞ்சை வாசலில் எடுத்துப் போட்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்த பிறகு அவர் இப்படிப் பேசலாம்:

“எல்லாருக்கும் வணக்கம். செவ்வாய்க்கிழமை கடையைத் திறக்கிறது இதுதான் முதல் தடவைன்னு சொன்னா நல்லாத்தான் இருக்கும். ஆனா பொய். தீபாவளிக்கு முந்தின நாள் செவ்வாயா வந்தப்பல்லாம் விடிய விடிய திறந்து வச்சிருந்தது உங்களுக்கே தெரியும்.

“நான் கடை போட்டப்ப ரெண்டு நாற்காலி, ஒரு மரப் பெஞ்சு. காலைல பேப்பரைப் போட்டா முடி வெட்ட வந்தவங்களவிட அதைப் படிக்க வந்தவங்கதான் அதிகம். அப்பல்லாம் மடக்குக் கத்தி. தோல் வார்ல தீட்டி, அதே கத்தியைத்தான் எல்லாருக்கும் போட்டோம். எய்ட்ஸ் பயம் வந்த பிறகுதான் பிளேடை ரெண்டா ஒடிச்சு ஆளுக்கு ஒரு பாதின்னு மாத்தினோம். கவரை உங்க கண்ணு முன்னாடி பிரிக்கிறது அதுக்காகத்தான். இனிமே எந்த ஊர்ல எந்தக் கடைக்குப் போனாலும், புது பிளேடு போடறதைப் பார்த்துட்டு முகத்தைக் குடுங்க.

“ஏன் விடறேன்னு நிறையப் பேர் கேட்டீங்க. நின்னு நின்னு கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சு. அதைக்கூடச் சமாளிச்சுடலாம். போன வருஷத்துலேர்ந்து வலது கை லேசா நடுங்குது. கத்தரிக்குப் பரவாயில்லை, கத்திக்கு ஆகாது. காதுக்குப் பின்னாடி கத்தி வைக்கிறப்ப எனக்கே பயமா இருந்துச்சு. நீங்க கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நானே நிறுத்திக்கிறதுதான் முறை.

“2020ல கொரோனாவுக்குக் கடையை மூடினோம். மே மாசம் திறக்கவிட்டாங்க. அப்புறம் வர்றவங்க பேரு, விலாசம், ஆதார் நம்பர் எழுதி வைக்கணும்னு உத்தரவு. முப்பது வருஷமா ‘பேங்க் சார்’, ‘வாத்தியாரய்யா’, ‘மில் அண்ணே’ன்னே கூப்பிட்டுப் பழகிட்டேன். உங்க பேரெல்லாம் எனக்கு அந்த நோட்டுல எழுதினப்பத்தான் தெரிஞ்சது. கடை மூடியிருந்தப்ப மூணு பேர் வீடு தேடி வந்து, வெட்டாத முடிக்குக் காசு குடுத்துட்டுப் போனீங்க. பேரைச் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க, சொல்லலை. அந்தக் காசுலதான் கடை வாடகை கட்டினேன்.

“அடுத்த வாரத்துலேர்ந்து கடை இந்தத் தம்பியோடது. பதினோரு வருஷமா ரெண்டாவது நாற்காலில நிக்கிறார். ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துல உங்கள்ல பாதிப் பேருக்கு வெட்டினது இவர்தான். மூணு மாசமா ஒவ்வொருத்தர் தலையையும் இவரை வெட்டச் சொல்லிட்டு நான் பக்கத்துல நின்னேன். யாருக்கு ரெட்டைச் சுழி, யாருக்குத் தழும்பு தெரியக் கூடாதுன்னு இவருக்குத் தெரியும். யாருக்கு ரத்தம் நிக்க நேரமாகும்னும் தெரியும், அதை இங்க சொல்ல மாட்டேன். யார் யாருக்கு எப்போ முதல் டை அடிச்சேங்கிறதும் என்னோட சரி.

“கட்டிங் ரேட்டு பொங்கல் வரைக்கும் இதேதான். அப்புறம் பத்து ரூபா ஏறும். நான்தான் ஏத்தச் சொன்னேன், அவரைக் கோவிச்சுக்காதீங்க. நோட்டுல இருந்த பாக்கியைக் கிழிச்சுட்டேன். அதுக்காக எதிர்ப்பக்கமா நடந்து போறவங்க இனிமே இந்தப் பக்கமாவே போகலாம்.

“கடைசியா ஒண்ணு. கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கறதை நான் நிறுத்தி வருஷமாச்சு. சில பேருக்கு வருத்தம். தம்பியும் எடுக்க மாட்டார், கேக்காதீங்க. வர்ற மாசம் முதல் ஞாயித்துக்கிழமை நானும் இங்க வருவேன், முடி வெட்டிக்க. வரிசைலதான் உட்காருவேன்.”

பேசி முடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகாது. கேட்கும்போது சாதாரணமாக இருந்தாலும் சில விஷயங்கள் அதில் யோசித்து வைத்தவை.

முதலாவது, அந்த மூன்று மாதம். பேச்சு நடக்கும் நாளில் ‘இனி இவர்தான்’ என்று கையைக் காட்டினால் மட்டும் வாடிக்கை மாறிவிடாது. மாதம் ஒரு முறை வருபவர் மூன்று மாதத்தில் மூன்று தடவைதான் வருவார். முதல் தடவை பெரியவர் வெட்ட, சின்னவர் பார்க்க வேண்டும். அடுத்த இரண்டு தடவையும் சின்னவர் வெட்ட, பெரியவர் பார்க்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால், பேச்சு என்பது ஏற்கெனவே நடந்து முடிந்ததை எல்லோருக்கும் சொல்வதுதான். இதைச் செய்யாமல் கடையைக் கைமாற்றினால் என்ன ஆகும் என்பது இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். பழைய ஆட்கள் முதல் தடவை மரியாதைக்காக வருவார்கள், இரண்டாம் தடவை வர மாட்டார்கள். சின்னவர் அடிக்கடி ‘எப்படி வெட்டணும் சார்?’ என்று கேட்கிறார் என்றால் ஒப்படைப்பு சரியாக நடக்கவில்லை என்று அர்த்தம்.

ரேட்டு ஏறுவதைப் போகிறவர் வாயால் சொல்வதும் முக்கியம். புதியவர் சொன்னால் பேராசை என்பார்கள். பழையவர் சொன்னால் விலைவாசி என்பார்கள். நம் ஊர் நியாயம் அப்படித்தான் இருக்கிறது.

இரண்டாவது, சொல்லாமல் விட்டவை. நாற்காலியில் உட்கார்ந்து துணியைப் போர்த்தியதும் மனுஷனுக்கு வாய் திறந்துவிடுகிறது. பிள்ளையின் காதல், தம்பியோடு பாகத் தகராறு, சர்க்கரை அளவு எல்லாம் கடைக்காரர் காதுக்கு வந்திருக்கும். விடைபெறும் மேடையில் வேடிக்கையாக ஒன்றை எடுத்துவிட்டால் கைத்தட்டல் கிடைக்கும், உண்மைதான். ஆனால் கூட்டத்தில் இருக்கும் மற்றவர்கள் அந்த நொடியில் தங்கள் ரகசியத்தை நினைத்துக்கொள்வார்கள். அதன் பலன் புதியவர் தலையில்தான் விடியும். உடம்பு சம்பந்தப்பட்டதைச் சின்னவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். அதையும் வாடிக்கையாளரைக் கேட்டுக்கொண்டு சொல்வது நல்லது.

கழுத்துச் சொடக்கைப் பேச்சில் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. கழுத்தெலும்பை ஒட்டி மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் ஏறுகின்றன. தலையைச் சடாரென்று திருப்பும்போது அவற்றின் உள்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அபூர்வமாகத்தான் நடக்கும், நடந்தால் பாதிப்பு நிரந்தரமாகவும் ஆகிவிடலாம். சலூனில் தலை அலசுவதற்காகக் கழுத்தைப் பின்னால் வளைத்துச் சாய்ப்பதாலும் இப்படி ஆகக்கூடும் என்று மைக்கேல் வைன்ட்ராப் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 1993-ல் எழுதினார். சொடக்கு எடுத்த பிறகு தலைசுற்றல், பேச்சுக் குழறல், நடையில் தள்ளாட்டம், ஒரு பக்கம் மரத்துப்போவது என ஏதாவது வந்தால் வீட்டுக்குப் போய்ப் படுக்கக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாற்பது வருஷம் நம்பிய கை சொன்னால் வாடிக்கையாளர் கேட்பார். அதனால்தான் விடைபெறும் நாளில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பின்னால் வர ஆளே இல்லை என்றால்? இன்று பல கடைகளின் நிலை அதுதான். மகன் கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிருப்பான், உதவிக்கு நின்ற பையன் பெரிய சலூனில் சேர்ந்திருப்பான். அப்போதும் பேசலாம். ‘என்கிட்ட வந்தவங்க இன்ன தெருவுல இன்னார் கடைக்குப் போங்க, நான் சொல்லி வச்சிருக்கேன்’ என்று சொல்லலாம். போட்டிக் கடையின் பேரைத் தன் வாயால் சொல்வதற்குப் பெரிய மனசு வேண்டும். தவிர, தன் வாடிக்கையாளரை அங்கே வழியனுப்பிய பிறகு தனக்கும் முடி வெட்டிக்கொள்ள ஒரு கடை வேண்டும் அல்லவா.

உங்கள் கடைக்காரருக்கு அறுபது தாண்டிவிட்டதென்றால், அடுத்த முறை துணியைப் போர்த்தும்போதே கேட்டுவிடுங்கள்: “அண்ணே, உங்களுக்கு அப்புறம் யாரு?” பதில் வந்தால், அந்த ஆளையே ஒரு தடவை வெட்டச் சொல்லிப் பக்கத்தில் அவரை நிற்க வையுங்கள். ஓய்வு நாள் முடிவானதும் தெருக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பொன்னாடை வாங்கி, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அவரைப் பேச விடுங்கள்.