வெள்ளைப் புள்ளி: செல்லா, சூரியனா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் மொட்டை மாடி என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரி நடுப்பகுதி, நண்பகல், மேகமில்லாத வானம். சோலார் பேனல்கள் தெற்குப் பார்த்து, சென்னையின் அட்சரேகைக்கு ஏற்ப 13 டிகிரி சாய்ந்து வரிசையாக நிற்கின்றன. மேலே ஒரு ட்ரோன். அதிலுள்ள வெப்பக் கேமரா நேர் கீழே பார்க்கிறது. திரையில் ஒரு பேனலின் மேல் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறது.

அது சூடேறிய செல்லாக இருக்கலாம். பேனலுக்குள் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தான் பாயும். காக்கை எச்சம் விழுந்தோ, உள்ளே விரிசல் விட்டோ ஒரு செல் தளர்ந்துபோனால், மற்ற செல்கள் தங்கள் மின்னோட்டத்தை அதன் வழியே தள்ளப் பார்க்கும். மின்சாரம் தர வேண்டிய செல் அதைத் தின்னத் தொடங்கிவிடும். தின்றது முழுவதும் வெப்பமாகும். சுற்றிலும் 55 டிகிரி இருக்க, அந்த இடம் மட்டும் 80-ஐத் தொடலாம். நம் கண்ணுக்கு அந்தச் சூடு தெரியாது.

இதைப் பிடிப்பதில் உயரம்தான் முதல் கேள்வி. ஒரு செல்லின் விளிம்பில் குறைந்தது ஐந்து பிக்சல் விழ வேண்டும் என்பது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் வழிகாட்டல். ஆறு அங்குலச் செல்லுக்கு அது பிக்சலுக்கு 3 செ.மீ. ஆகிறது. 640×512 பிக்சலும் 13.5 மி.மீ. லென்ஸும் கொண்ட வழக்கமான கேமராவுக்கு, பேனலிலிருந்து சுமார் 33 மீட்டர் உயரத்தில் அது கிடைக்கும். தரையிலிருந்து அல்ல, பேனலிலிருந்து. இதில்தான் பலரும் தவறுவார்கள். திரையில் காட்டும் உயரம் ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து அளந்தது. பத்து மீட்டர் உயரக் கட்டடத்தின் வாசலில் இருந்து கிளப்பினால் திரையில் 43 காட்ட வேண்டும்.

வேலை சீக்கிரம் முடியட்டும் என்று 60 மீட்டருக்கு ஏறினால் பிக்சல் 5.3 செ.மீ. ஆகிவிடும். இரண்டு செ.மீ. அகலமுள்ள 80 டிகிரிச் சூடு, பக்கத்துக் குளிர்ச்சியோடு சராசரியாகி, ஏறக்குறைய 59 டிகிரி என்றே பதிவாகும். 33 மீட்டரில் அதே இடம் 66 காட்டும். ஆகவே உயரப் பறந்து எடுத்த படத்தில் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று தெரிந்தால், அந்தத் தீர்ப்பை நான் நம்பமாட்டேன்.

பறக்கும் உயரத்துக்குச் சட்டமும் எல்லை வைக்கிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி, விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையுள்ள பகுதியில் 200 அடிக்கு, அதாவது 60 மீட்டருக்கு, மேல் போக வேண்டுமானால் அனுமதி வேண்டும். மீனம்பாக்கத்தைக் கணக்கிட்டால் பூந்தமல்லி அந்த வளையத்துக்குள் வருகிறது. ஆவடியிலோ பாதுகாப்புத் துறை வளாகங்கள் இருக்கின்றன. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் அங்கே ட்ரோனைக் கிளப்பவே கூடாது.

இனி அந்த வெள்ளைப் புள்ளிக்கு வருவோம். கேமரா பார்க்கும் அகச்சிவப்புக் கதிர் கண்ணாடியை ஊடுருவாது. கேமராவுக்குத் தெரிவது கண்ணாடியின் மேற்பரப்புச் சூடும், அதில் பிரதிபலிக்கும் வானமும்தான். 13 டிகிரி சாய்ந்த பேனலை நேர் மேலிருந்து பார்த்தால், கண்ணாடியில் தெரிவது உச்சியிலிருந்து தெற்கே 26 டிகிரி தள்ளியுள்ள வானம். பிப்ரவரி நடுவில் சென்னையின் நண்பகல் சூரியன் நிற்பது சரியாக அங்கேதான்! அக்டோபர் கடைசியிலும் அப்படியே. அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரையுள்ள மாதங்களிலும் சூரியன் ஏறக்குறைய பத்து டிகிரிதான் விலகும் என்பதால், நண்பகல் படத்தின் ஏதோ ஒரு பகுதியில் அதன் பிம்பம் விழுந்துகொண்டே இருக்கும்.

செல்லா, சூரியனா என்று கண்டுபிடிக்க ட்ரோனை நகர்த்தினால் போதும். பேனல்கள் எல்லாம் ஒரே சாய்வில் இருப்பதால், சூரியனின் பிம்பம் படத்தில் அதே இடத்திலேயே நிற்கும். அதன் அடியில் பேனல்கள் ஒவ்வொன்றாக நழுவிப்போகும். உண்மையில் சூடான செல் தன் பேனலோடு சேர்ந்தே படத்தைக் கடந்துபோகும். பதினைந்து படங்களில் புள்ளி ஒரே மூலையில் இருந்தால் பேனல்களின் மேல் குற்றமில்லை.

பிம்பத்தைத் தவிர்க்கக் காலை பத்தரைக்குப் பறக்கலாம். பிப்ரவரியில் அப்போது சூரியன் போதுமான அளவு கிழக்கே விலகியிருக்கும். படத்தின் அகலப் பக்கம் கிழக்கு மேற்காக இருந்தாலும்கூட பிம்பம் சட்டத்துக்கு வெளியே போய்விடும். ஆய்வுக்குத் தேவையான சதுர மீட்டருக்கு 600 வாட் வெயிலும் தெளிந்த நாளில் கிடைத்துவிடும். இல்லையென்றால் கேமராவைச் சற்றுச் சாய்க்கலாம், ஆனால் பேனலின் செங்குத்துக் கோட்டிலிருந்து 30 டிகிரிக்கு மேல் விலகக் கூடாது. அதற்கு மேல் சரிந்தால் கண்ணாடி தன் சூட்டைக் குறைவாகக் காட்டி வானத்தைக் கூடுதலாகப் பிரதிபலிக்கும். தெளிந்த வானம் இந்தக் கேமராவுக்கு மிகக் குளிர்ந்த பொருள் என்பதால், சூடான பேனல்கூட ஆறியதுபோலத் தோன்றும்.

பேனலோடு நகரும் புள்ளி உறுதியானபின், அதே நொடியில் எடுத்த சாதாரணப் புகைப்படத்தைப் பார்க்க வேண்டும். எச்சமோ தண்ணீர்த் தொட்டியின் நிழலோ தெரிந்தால் அதை நீக்கிவிட்டு, அதே அளவு வெயிலில் மறுபடி பறக்கலாம். மேலே எதுவும் இல்லாமல் கண்ணாடி சுத்தமாக இருந்தும் புள்ளி அங்கேயே தெரிந்தால் கோளாறு செல்லுக்குள்ளேதான். அந்தப் பேனலின் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு ஆள் மேலே ஏற வேண்டியதுதான்.