திருகாணியைத் தேடி ஒரு குப்பைக் கூடை

எங்கள் தெருச் சங்கத்துக்காக முதலில் எடுத்த குப்பைப் படம் நான்கு நிமிடம் ஓடியது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, பழைய பேட்டரி, காலாவதியான மாத்திரை, நாப்கின், உடைந்த கண்ணாடி, மாடியில் உரம் தயாரிப்பது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். படம் முடிந்ததும், "நாளைக்கு வீட்டில என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன். ஆளுக்கொரு பதில் வந்தது. பாதிப் பேர் "சுத்தமா வெச்சுக்கணும்" என்றார்கள். மறுநாள் அவர்கள் வீட்டில் எதுவும் மாறப்போவதில்லை என்று அந்தப் பதிலிலேயே புரிந்துவிட்டது.

அதனால் இரண்டாவது படத்துக்குக் கதை எழுதுவதற்கு முன் இரண்டு நாள் காலையில் குப்பை வண்டியோடு தெருவில் நடந்தேன். வண்டியில் பச்சைத் தொட்டி மக்கும் குப்பைக்கு, நீலத் தொட்டி மக்காத குப்பைக்கு. முதல் வீட்டில் வாங்கிய கூடையைத் தூய்மைப் பணியாளர் அக்கா கவிழ்த்தார். சாம்பாரில் ஊறிய அட்டைப்பெட்டி, முருங்கைச் சக்கை, பால் கவர், டீத்தூள், பிஸ்கட் உறை. அட்டை நனையாமல் இருந்திருந்தால் பழைய பேப்பர்க் கடையில் காசு. நனைந்த பிறகு அது யாருக்கும் ஆகாது. பிறகு டீத்தூளுக்குள் விரலை விட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். பால் கவரைக் கத்தரிக்கும்போது தனியாக வெட்டி எறிகிற முக்கோண மூலை. விரல் நகம் அளவுதான் இருக்கும். "இதுதாண்ணே பெரிய தொல்லை. கவரைக் கண்ணால பார்த்து எடுத்துடலாம். இது உரத்தோட போயிடும்" என்றார். உரம் சலிக்கும்போது பெரிய பிளாஸ்டிக் சல்லடையில் நின்றுவிடும். மூலைத் துண்டு சல்லடைக் கண்ணில் நழுவி உரத்தோடு சேர்ந்து வயலுக்குப் போய்விடும்.

படத்தின் கதை அந்த இடத்தில்தான் கிடைத்தது. அவர் தினமும் செய்கிற வேலையை ஒரு குடும்பம் ஒருநாள் செய்ய வேண்டும், அதுவும் தங்கள் தேவைக்காக.

காலை ஏழு மணி. அம்மாவின் தோட்டுத் திருகாணி காணோம். தங்கத் திருகாணி. கூட்டிப் பெருக்கும்போது குப்பையோடு போயிருக்கும் என்று மகள் சொல்ல, வீடே கூடையைச் சுற்றி உட்காருகிறது. முந்தின நாள் மாலை சங்கக் கூட்டத்தில் தூய்மையைப் பற்றி அரைமணி நேரம் பேசிய அப்பா, இப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு விரலால் வாழைப்பழத் தோலைத் தூக்குகிறார். "ஏங்க, நேத்து மைக்கைப் பிடிச்ச கைதானே? ஒழுங்காப் பிடிங்க" என்கிறார் அம்மா. தேடியதையே திரும்பத் தேடாமல் இருக்கத் தரையில் இரண்டு செய்தித்தாள் விரிக்கிறார்கள். காய்கறித் தோல், சோறு, காபித்தூள் ஒரு தாளில். கவர், உறை, பாட்டில் இன்னொரு தாளில். பிரிக்கிறோம் என்று யாருக்கும் நினைப்பில்லை, தேடுகிறார்கள், அவ்வளவுதான்.

கூடை காலியாகிறது. திருகாணி இல்லை. அப்போது பாட்டி உள்ளேயிருந்து வருகிறார். "என்னடா தேடுறீங்க? திருகாணியா? அதைக் காலையிலேயே எடுத்துப் பத்திரமா பெருங்காய டப்பாவுல போட்டு வெச்சிருக்கேனே!"

வாசலில் விசில். பணியாளர் அக்கா எட்டிப் பார்க்கிறார். இரண்டு தாளிலும் தனித்தனியாகக் குப்பை. முகம் மலர்கிறது. "இன்னிக்கு நீங்களே பிரிச்சு வெச்சிட்டீங்களா சார்? எனக்கு இந்த வீட்டுல வேலையே இல்லை!" அப்பா தன் கையைப் பார்க்கிறார். பிறகு அவர் கையைப் பார்க்கிறார். அந்த இடத்தில் வசனமும் இசையும் வேண்டாம்.

இதில் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன். சிரிப்பு மருமகள் மேலோ பணியாளர் மேலோ விழக்கூடாது. ஊரில் பார்க்கிற இத்தகைய படங்களில் பெரும்பாலும் அம்மா தப்பு செய்வார், அப்பா திருத்துவார். எங்கள் கதையில் தடுமாறுவது பேச்சாளர் அப்பா. பாட்டிக்கு ஒரே வசனம், அதிலேதான் வெடிச்சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அக்காவின் வசனம் வந்துவிட வேண்டும்.

படத்தின் நீளம் 90 விநாடி. தேடுதலுக்குப் பாதி நேரம். செல்போனிலேயே எடுக்கலாம், ஆனால் சட்டையில் குத்துகிற சின்ன மைக் கட்டாயம் வேண்டும், சமையலறையின் மிக்ஸியும் குழாயும் வசனத்தை விழுங்கிவிடும். குப்பை உண்மையானதாக, ஒரு வீட்டின் ஒருநாள் குப்பையாகவே இருக்க வேண்டும். கழுவி வைத்த பாட்டிலும் பளபளக்கும் ஆப்பிளும் வைத்தால் நடிப்பவர்களின் முகம் சுளிக்காது. கேமராவில் நாற்றம் விழாது, அந்த முகச்சுளிப்புதான் அதைக் காட்டும். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் நிறைய என்பதால் வசனங்களை எழுத்தில் கீழே ஓடவிட்டோம்.

கடைசி 10 விநாடிக்காகத்தான் மற்ற 80 விநாடியும். அப்பா சமையலறை மேடைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடிக்கிறார். பழைய அரிசிப் பையை மாட்டுகிறார். மகள் பால் கவரின் மூலையை முழுதாக வெட்டாமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறிப் பாலை ஊற்றுகிறாள். கவரை ஒருதரம் அலசிப் பையில் போடுகிறாள். திரையில் ஒரே வரி: "இன்றே ஓர் ஆணி அடியுங்கள், ஒரு பை மாட்டுங்கள்."

பிரியுங்கள் என்று சொல்லாமல் ஆணி அடிக்கச் சொல்வது ஏன் என்று சங்கத்தில் கேட்டார்கள். பிரிப்பது தினமும் பலமுறை நினைவு வைத்துச் செய்யவேண்டிய காரியம். ஆணி ஒருநாள் வேலை. கை நீட்டும் தூரத்தில் பை தொங்கினால் கவர் தானாக அதற்குள் போகும். மேடைக்குக் கீழே ஒரே கூடை இருக்கும் வரை எல்லாம் அதில்தான் விழும்.

நாப்கினும் மாத்திரையும் விட்டுப்போயிற்றே என்பது இன்னொரு கேள்வி. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே வீட்டுக் குப்பையை மூன்றாகப் பிரிக்கச் சொன்னவை. பேட்டரி, மருந்து போன்றவை அதில் மூன்றாவது வகை. பெங்களூரில் மூன்றாகப் பிரிப்பதை இரண்டு தொட்டி, ஒரு பை என்று சுருக்கி மக்களிடம் கொண்டுபோனார்கள். நாப்கினுக்கும் மருந்துக்கும் தனித்தனிப் படம் வேண்டும். இதில் சேர்த்தால் ஆணி மறந்துபோகும்.

படத்தால் ஆகாத ஒன்றும் உண்டு. "நாங்க பிரிச்சுக் கொடுத்தா அவங்க ஒண்ணாக் கொட்டுறாங்க" என்பது எல்லாத் தெருவிலும் கேட்கிற புகார். வண்டியில் ஒரே தொட்டி வருகிற தெருவில் இந்தப் படத்தைப் போடாதீர்கள். முதலில் உள்ளாட்சி அலுவலகத்தில் பேசி இரண்டு தொட்டி வண்டியை வரவழையுங்கள். பிரித்த குப்பை கண்ணெதிரே கலந்தால், அந்த வீட்டுக்காரர் மறுபடி பிரிக்க மாட்டார்.

படம் வேலை செய்ததா என்று பார்க்க எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் உதவாது. படம் போடுவதற்கு முந்தின வாரம் ஒருநாள், போட்டு ஒரு மாதம் கழித்து ஒருநாள், வண்டியோடு நடந்து எத்தனை வீடு இரண்டாகக் கொடுக்கிறது என்று நோட்டில் கோடு போடுங்கள். முதல் வாரத்துக் கணக்கை நம்பாதீர்கள், அது ஆர்வத்தின் கணக்கு. உங்கள் தெருவில் இப்படி ஒரு படம் எடுக்க நினைத்தால், கதை எழுத உட்காரும் முன் ஒரு காலையாவது அந்த வண்டியோடு நடந்துவிட்டு வாருங்கள்.