ஒரு வீட்டில் 332 வோல்ட், எதிர்வீட்டில் 83

‘எங்கள் தெருவில் அடிக்கடி வோல்டேஜ் ஏறி இறங்குகிறது. டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் பழுதாகிவிட்டன. உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்.’

மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு இப்படியொரு கடிதம் போனால் என்ன நடக்கும்? மறுநாள் காலை பதினொரு மணிக்கு லைன்மேன் வருவார், சோதித்துப் பார்ப்பார், 235 வோல்ட் காட்டும். ‘சப்ளை சரியாத்தான் சார் இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொன்னதும் பொய்யில்லை, புகாரும் பொய்யில்லை. கோளாறு வந்து வந்து போகிற வகை. அது எப்போது, எந்தெந்த வீட்டில், எப்படி வந்தது என்பது கடிதத்தில் இல்லை.

சாதனங்களை ஒரே இரவில் கொத்தாகப் பலிவாங்குவது பெரும்பாலும் நியூட்ரல் கோளாறுதான். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தெருவுக்கு மூன்று ஃபேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 240 வோல்ட். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே 415. சாதாரண வீட்டுக்கு ஒரு ஃபேஸும் நியூட்ரலும் மட்டும் தருகிறார்கள். சென்னைத் தெருக்களில் நிற்கும் பில்லர் பாக்ஸுக்குள் நியூட்ரல் இணைப்பு துருப்பிடித்தோ சூடேறியோ விட்டுப்போனால், வெவ்வேறு ஃபேஸில் உள்ள இரண்டு வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு 415 வோல்ட்டைப் பங்குபோட்டுக்கொள்ளும்.

அந்தப் பங்கு சமமாக இருக்காது. ஒரு வீட்டில் 400 வாட் அளவுக்கு மட்டும் சாதனங்கள் ஓடுகின்றன. எதிர்வீட்டில் ஹீட்டரும் இஸ்திரிப் பெட்டியுமாக 1,600 வாட் என்று வைத்துக்கொள்வோம். நியூட்ரல் முழுதாக அறுந்தால், குறைவாகப் பயன்படுத்தும் வீட்டுக்கு 332 வோல்ட் போகும், எதிர்வீட்டுக்கு மிஞ்சுவது 83. முதல் வீட்டில் டிவி, சார்ஜர், எல்.இ.டி. பல்புகள் கருகும். இரண்டாவது வீட்டில் ஃபிரிட்ஜ் மோட்டார் சுற்ற முடியாமல் உறுமிக்கொண்டே சூடாகும்.

டிரான்ஸ்ஃபார்மரில் சுமை கூடினால் கதை வேறு. கோடை இரவுகளில் ஏ.சி.க்கள் ஓடும்போது தெரு முழுக்க ஒன்றுபோல வோல்டேஜ் இறங்கும். விடியற்காலையில் தானாகத் தேறிவிடும். எந்த வீட்டிலும் ஏறாது. ஒரே நேரத்தில் ஒரு வீட்டில் ஏறி இன்னொரு வீட்டில் இறங்கினால் நியூட்ரலைச் சந்தேகிக்கலாம். ஒரே ஒரு வீட்டில் மட்டும் என்றால் அந்த வீட்டு சர்வீஸ் வயரையோ உள் வயரிங்கையோ முதலில் பார்க்க வேண்டும்.

பிளக்கில் செருகும் சிறிய வோல்ட் மீட்டரோ, உள்ளே வரும் வோல்டேஜைக் காட்டும் ஸ்டெபிலைசரோ இருந்தால் இந்த வேறுபாட்டைப் பதிவுசெய்துவிடலாம். அதன்பின் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி அமையும்:

‘12ஆம் தேதி இரவு 8.40க்கு எங்கள் வீட்டில் 280 வோல்ட். அதே நேரம் எதிர்வீட்டில் 170. எதிர்வீட்டில் ஹீட்டரை நிறுத்தியதும் இரண்டு வீட்டிலும் 235க்கு வந்தது. 14ஆம் தேதியும் இதே நிலை. நியூட்ரல் இணைப்பைப் பில்லர் பாக்ஸிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் சோதிக்கக் கோருகிறோம்.’

இதைப் படிக்கும் உதவிப் பொறியாளர், எந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்வது என்பதை நாற்காலியில் இருந்தபடியே முடிவுசெய்யலாம். அதற்காகவே டிரான்ஸ்ஃபார்மர் பலகையில் எழுதியிருக்கும் பெயர், பில்லர் பாக்ஸ் எண், பாதிக்கப்பட்ட வீடுகளின் மின் இணைப்பு எண்கள் எல்லாம் கடிதத்தில் வேண்டும். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து கையெழுத்திடுவது நல்லது. தனி வீட்டுப் புகாரை ‘உங்கள் வயரிங் கோளாறு’ என்று தள்ளிவிடுவது எளிது.

கடிதம் எழுதும்வரை காத்திருக்க முடியாத தருணமும் உண்டு. விளக்கு வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால் உடனே மெயினை அணைத்துவிட்டு, மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் பதிய வேண்டும். அவர்கள் தரும் புகார் எண்ணைக் கடிதத்தில் சேர்க்கலாம்.

இழப்பீடு கேட்பதாக இருந்தால் இன்னொரு தாள் தேவை. பழுதுபார்ப்பவரிடம், எந்த உறுப்பு எப்படிக் கெட்டது என்று எழுதி வாங்க வேண்டும். டிவியின் பவர் போர்டு நுழைவாயிலில் வேரிஸ்டர் என்ற வட்டமான உறுப்பு இருக்கும். அது கருகிப் பிளந்து, பக்கத்தில் ஃபியூஸும் போயிருந்தால், அதிக வோல்டேஜ் வந்ததற்கு நல்ல அடையாளம். ‘போர்டு மாற்றப்பட்டது’ என்ற பில் மட்டும் இதைச் சொல்லாது.

கடிதத்தை நேரில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்கலாம், அல்லது ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பலாம். பிரிவு அலுவலகத்தில் தீராவிட்டால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி அமைந்த நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும், அதன் பின் மின்குறைதீர்ப்பாளரிடமும் போகலாம். சாதன இழப்புக்கு நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். அங்கெல்லாம் முதலில் எழும் கேள்வி, கோளாறை வாரியத்துக்கு எப்போது தெரிவித்தீர்கள் என்பது. ஃபிரிட்ஜ் எரிந்த நாளுக்கு முந்தைய தேதியில் முத்திரை விழுந்த நகல் இருந்தால், தெரிந்தும் சரிசெய்யவில்லை என்ற வாதத்துக்கு அது பிடிமானமாகும்.