வாயிலை மூடியவளின் கதை: வில்லனுக்கு ஒரு கடந்தகாலம் எழுதுதல்

‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ போன்ற விளையாட்டுக்களில் மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் முடிவெடுத்தும் ஒரு கதையை ஆடுகிறார்கள். உலகத்தையும் எதிரிகளையும் நடத்துபவரை டன்ஜன் மாஸ்டர் என்பார்கள். ஒரே கதை பல மாதங்கள் தொடர்ந்தால் அது கம்பெய்ன். நான் நடத்திய கடைசிக் கம்பெய்ன் 32 அமர்வுகள் ஓடியது. இரு வாரத்துக்கு ஒருமுறை, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ரொறன்ரோவிலுமாக ஐந்து பேர் என்னோடு திரையில் கூடினார்கள்.

இத்தனை நீளமான கதையில் வில்லனுக்கு ஒரு கடந்தகாலம் எழுதுவது கடினமல்ல. ஆடுபவர்களை அதைக் கேட்க வைப்பதுதான் கடினம். கடைசி மோதலில் வில்லன் எழுந்து நின்று தன் துயரக் கதையைச் சொல்லத் தொடங்கினால், ஆடுபவர்கள் பகடையைக் கையிலெடுத்துக்கொண்டு அவர் எப்போது முடிப்பார் என்று காத்திருப்பார்கள். அவர்கள் கல்நெஞ்சர்கள் என்பதல்ல காரணம். எதிரி தானே வந்து சொல்லும் துயரத்தை யாரும் சாட்சியமாக எடுப்பதில்லை, சாட்டாகத்தான் எடுப்பார்கள்.

இதற்கு நல்ல முன்மாதிரி ஸ்ட்ராட் என்ற இரத்தக்காட்டேரிப் பிரபு. டிரேசி ஹிக்மனும் லோரா ஹிக்மனும் எழுதி 1983 இல் வெளிவந்த ‘ரேவன்லொஃப்ட்’ சாகசத்தின் வில்லன் அவன். ஒரு விளையாட்டில், பாதாளக் குகையொன்றில் காரணமேயில்லாமல் ஒரு காட்டேரி எதிர்ப்பட்டதும், இவன் இங்கே என்ன செய்கிறான் என்று எழுந்த கேள்விதான் அதற்குத் தூண்டுதல் என்று டிரேசி ஹிக்மன் சொல்லியிருக்கிறார். ஸ்ட்ராட் தன் தம்பியின் மணப்பெண்ணை விரும்பி, திருமண நாளிலேயே தம்பியைக் கொன்றவன். அவள் அவனிடமிருந்து தப்பக் கோட்டையிலிருந்து குதித்தாள். 2016 இல் வந்த ‘கேர்ஸ் ஒஃப் ஸ்ட்ராட்’ புத்தகத்தில் நான் கவனித்தவை இரண்டு. அவன் கதை அவனே எழுதிய ஒரு நூலாக எங்கோ கிடக்கிறது, ஆடுபவர்கள் அதைத் தேடி எடுக்கவேண்டும். அதேநேரம், அந்த மணப்பெண்ணின் மறுபிறவியான ஐரீனா அவர்களுடனேயே நடந்துவரலாம். அவன் துயரத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்தால், அவன் துரத்தும் பெண் பக்கத்தில் நிற்பாள்.

என் வில்லியின் பெயர் நிரைமதி. அவளுடைய கடந்தகாலத்தை மூன்றே வசனங்களில் எழுதினேன். கொள்ளைநோய்க் காலத்தில் அவள் ஏழ்மதில் நகரின் வாயிற்காவல் தலைவி; நோய் உள்ளே வராதிருக்க, வெளியே தஞ்சம் கேட்டு வந்த 61 பேருக்கும் 19 நாட்கள் கதவைத் திறக்கவில்லை. மதில் இருக்கும்வரை யாரோ ஒருவர் கதவை மூடிக்கொண்டேதான் இருப்பார் என்று அதன்பின் முடிவுகட்டினாள். இன்று அவள் மதிலுள்ள ஊர்களையெல்லாம் எரிக்கிறாள்.

முதல் வசனத்துக்குத்தான் எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். உண்மையில் வேலை செய்வது இரண்டாவது. துன்பப்பட்ட எல்லோரும் ஊரை எரிப்பதில்லை. அந்தத் துன்பத்திலிருந்து அவள் எடுத்த முடிவுதான் அவளை இங்கே கொண்டுவந்தது. அந்த முடிவில் பாதி சரியாக இருக்கவேண்டும். பாதியாவது சரியில்லாவிட்டால் அவள் வெறும் பைத்தியக்காரி. முழுவதும் சரியென்றால் ஆடுபவர்கள் அவள் பக்கம் சேர்ந்துவிடுவார்கள், கம்பெய்ன் அத்தோடு முடிந்துவிடும்.

முதல் எட்டு அமர்வுகளில் இதில் எதுவும் வெளிவரவில்லை. எரிந்த ஊர்கள் மட்டுமே வந்தன. வெறுப்பு முதலில் வேரூன்றவேண்டும், பின்னால் அசைக்க ஏதாவது இருக்கவேண்டுமே. ஒன்பதாவது அமர்வில், பாழடைந்த வாயில்மாடத்தில் அவர்கள் ஒரு பதிவேட்டைக் கண்டார்கள். வெளியே நின்றவர்களின் பெயர்கள் நாள்வாரியாக எழுதப்பட்டிருந்தன; நாளுக்கு நாள் பெயர்கள் குறைந்தன. யார் எழுதியது என்று அதில் இல்லை. பன்னிரண்டாவது அமர்வில் நிரைமதியின் கட்டளைக் கடிதமொன்று கையில் சிக்கியபோது, மட்டக்களப்பு நண்பர்தான் கையெழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். அந்தக் கேள்விக்காக மூன்று அமர்வுகள் காத்திருந்தேன். அவர் கேட்காவிட்டால் நானாகச் சொல்லியிருக்கமாட்டேன். அதே உண்மையை இன்னொரு இடத்தில் வேறொரு பொருளாக வைத்திருப்பேன். முக்கியமான ஒன்றைக் குறைந்தது மூன்று இடங்களில் ஒளித்துவைப்பது நடத்துபவர்களின் பழைய பழக்கம். ஒன்றைத் தவறவிட்டாலும் இன்னொன்று அகப்படும்.

பத்தொன்பதாவது அமர்வில் அவர்களையே ஒரு கதவருகே நிறுத்தினேன். பின்னால் எதிரிப்படை, நடுவில் பாலம், அக்கரையில் இன்னும் வந்து சேராத கிராமத்தவர். பாலத்தை இப்போதே வெட்டுவதா, காத்திருப்பதா? இதற்குப் பகடை உருட்ட விடவில்லை. பகடை தீர்மானித்தால் பழியும் பகடைக்கே போய்விடும். நாற்பது நிமிடம் வாதாடிவிட்டுப் பாலத்தை வெட்டினார்கள். அதன்பிறகு யாரும் நிரைமதியை ‘அது’ என்று சொல்லவில்லை, ‘அவ’ என்றார்கள். இரக்கம் வந்துவிட்டதா என்று அறிய எனக்குத் தெரிந்த அடையாளம் இதுதான்: பெயர்ச்சொல் மாறும், வாளை உருவுமுன் ஒரு கேள்வி வரும். பயமே போய்விட்டால் மட்டும் ஏதோ பிசகிவிட்டது என்று பொருள். அப்போது அவள் அடுத்த ஊரை எரிப்பதைக் காட்டவேண்டியிருக்கும்.

அதற்காகத்தான் எரிந்த ஊரொன்றின் குயவர் ஒருவரை முதலாம் அமர்விலிருந்தே அவர்களோடு நடக்கவைத்தேன். இரக்கம் மேசையில் கூடும்போதெல்லாம் அவர் அங்கே இருந்தார். பேசத் தேவையில்லை, சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாலே போதும்.

எங்கள் மேசையில் இதற்கெல்லாம் முந்திய வேலை ஒன்றும் இருந்தது. பூச்சிய அமர்வு என்று ஒன்று வைப்பார்கள். ஆடத் தொடங்குமுன் கதையில் எது வரக்கூடாது, எது வந்தாலும் விவரிக்கப்படாமல் கடந்துபோகவேண்டும் என்று பேசிக்கொள்வது. மற்ற நாடுகளில் சிலந்தி, இரத்தம் என்று பட்டியல் வருமாம். எங்களுக்கு வந்தவை வேறு. காணாமற்போனவரைத் தேடும் கதை வேண்டாம். பிள்ளைகளைப் படைக்குப் பிடிப்பது வேண்டாம். பதுங்குகுழி வேண்டாம். மூடிய பாதை, நீண்ட வரிசை? அதைப்பற்றித் தனித்தனியாகவும் கேட்டேன், ஏனென்றால் என் வில்லியே அதிலிருந்துதான் பிறந்தவள். நால்வர் வரட்டும் என்றார்கள். ஒருவர் மட்டும் யோசித்துவிட்டு, வரிசையில் நிற்பவராக என்னை ஆட்டவேண்டாம், கதவுப் பக்கம் நின்று பார்க்கிறேன் என்றார். அதனால்தான் பதிவேடு, தஞ்சம் கேட்டவர்களை நாங்கள் பெயர்களாக மட்டுமே சந்தித்தோம்.

பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் நிரைமதியின் தங்கை பெயரும் இருந்தது. மற்றப் பெயர்களின் அளவிலேயே, அதே மையில். அதைப்பற்றி ஒரு வரிகூட நான் விவரிக்கவில்லை.

கடைசி அமர்வில் அவள் பேசியது மிகக் குறைவு. பாலத்தில் எத்தனை பேரை விட்டீர்கள் என்று மட்டும் கேட்டாள். யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னார்: “இவ ஏன் இப்பிடி ஆனா எண்டு எனக்கு நல்லா விளங்குது. மன்னிக்கச் சொல்லி மட்டும் கேக்காதேங்கோ.” குயவரிடம் கேட்போம் என்று ரொறன்ரோக்காரர் சொல்ல, குயவர் என்ன சொல்வார் என்று ஐவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர் உங்களைத்தான் பார்க்கிறார் என்றேன். வாக்கெடுப்பு மூன்றுக்கு இரண்டு. அவளைக் கொல்லவில்லை, எரித்த ஊர்களின் பெயர்களையும் அதே பதிவேட்டில் எழுதவைத்தார்கள். எழுதி முடிக்க இரவு ஒன்றரை மணியாகிவிட்டது. குயவர் தன் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார்.