போலிச் செயலியும் குணப்படுத்தியது

2024 மார்ச்சில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., மனச்சோர்வுக்கான ஒரு செல்போன் செயலிக்கு அனுமதி கொடுத்தது. பெயர் ரிஜாயின். டாக்டர் சீட்டு இருந்தால்தான் கிடைக்கும். ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதோடு சேர்த்து 6 வாரம் பயன்படுத்த வேண்டும். திரையில் தெரியும் முகங்களின் உணர்ச்சியை நினைவில் வைத்துச் சொல்வது ஒரு பயிற்சி. கூடவே சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின் சிறு பாடங்கள். 'நான் எதைத் தொட்டாலும் விளங்காது' என்று மனம் தானாகச் சொல்லிக்கொள்ளும்போது அதைப் பிடித்து நிறுத்தி, உண்மைதானா என்று விசாரிக்கப் பழக்குவதுதான் சி.பி.டி.

இந்தச் செயலியைச் சோதித்த விதம் கவனிக்கத்தக்கது. 386 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உண்மைச் செயலி. இன்னொரு குழுவுக்குப் போலி: முகங்களுக்குப் பதிலாக வெறும் வடிவங்களை நினைவில் வைக்கும் விளையாட்டு, பாடங்கள் கிடையாது. 6 வாரம் கழித்து, அதிகபட்சம் 60 புள்ளி கொண்ட ஓர் அளவுகோலில் மனச்சோர்வை அளந்தார்கள். உண்மைச் செயலிக் குழுவுக்குச் சராசரியாக 9 புள்ளி குறைந்திருந்தது. போலிக் குழுவுக்கும் 7 புள்ளிக்குமேல் குறைந்திருந்தது!

அந்த 7 புள்ளி எங்கிருந்து வந்தது? சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரை, கடந்துபோன காலம், யாரோ அக்கறையாக விசாரிக்கிறார்கள் என்ற ஆறுதல், 'புதுச் சிகிச்சையில் இருக்கிறேன்' என்ற நம்பிக்கை எல்லாவற்றுக்கும் அதில் பங்கு இருக்கலாம். செயலி தானாகச் சாதித்தது என்று சொல்லக்கூடியது மிச்சமுள்ள 2 புள்ளிக்கும் குறைவான வித்தியாசம்தான். போலிக் குழு இல்லாமலிருந்தால் விளம்பரத்தில் 9 என்ற எண் மட்டும் இருந்திருக்கும்.

பல செயலிகளின் சோதனைகளில் போலிக் குழு இருப்பதில்லை. 'உங்கள் முறை வரும்வரை காத்திருங்கள்' என்று சொல்லி வைத்தவர்களோடுதான் ஒப்பிடுகிறார்கள். காத்திருப்பவருக்குத் தனக்கு எதுவும் கிடைக்கவில்லை என்பது தெரியும். தேற வேண்டுமென்ற எதிர்பார்ப்பும் அவருக்கு இல்லை. 2017-இல் ஜோசப் ஃபர்த் குழுவினர் மனச்சோர்வுச் செயலிகள் குறித்த 18 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சும்மா இருந்தவர்களோடு ஒப்பிட்டபோது பலனின் அளவு 0.56, வேறு ஏதாவது செய்துகொண்டிருந்தவர்களோடு ஒப்பிட்டபோது 0.22. ஆய்வாளர்கள் கணக்கில் 0.5 நடுத்தரம், 0.2 சிறிது.

மாத்திரையென்றால் அதே நிறத்தில், அதே வடிவத்தில் வெறும் மாவு மாத்திரை செய்துவிடலாம். செயலியில் அப்படி மறைப்பது கடினம். அதைவிடப் பெரிய சிக்கல், மதிப்பெண் போடுபவர் பெரும்பாலும் நோயாளியே. பி.எச்.க்யூ.-9 என்ற 9 கேள்விப் படிவத்தில், கடந்த 2 வாரமாக ஆர்வக் குறைவு, தூக்கக் கோளாறு போன்றவை எத்தனை நாள் இருந்தன என்று அவரே 0 முதல் 3 வரை குறிக்க வேண்டும். சிகிச்சை கிடைத்தது என்று தெரிந்தவரின் விரல் 2-க்குப் பதிலாக 1-ஐத் தொடுவதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் 9 கேள்வியிலும் அப்படி நடந்தால் 9 புள்ளி காணாமல் போய்விடும்.

அடுத்தது, பாதியில் போனவர்கள். ஒரு கணக்குக்காக, 100 பேரில் 40 பேர் நின்றுவிட்டார்கள், மிச்சம் 60 பேரில் 36 பேர் தேறினார்கள் என்று வைப்போம். இருந்தவர்களை மட்டும் எண்ணினால் வெற்றி 60 சதவீதம். சேர்ந்த அனைவரையும் எண்ணி, போனவர்கள் தேறவில்லை என்று கொண்டால் 36 சதவீதம். போனவர்களில் குணமாகிப் போனவரும் இருக்கலாம், எழுந்திருக்கவே தெம்பில்லாமல் விட்டவரும் இருக்கலாம். அதனால்தான் குலுக்கலில் வந்த எல்லோரையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது விதி. ரிஜாயினிலும் இது இடித்தது: சிலரை விலக்கிய கணக்கில் வித்தியாசம் புள்ளியியல் வரம்பைத் தாண்டியது, எல்லோரையும் சேர்த்தபோது மயிரிழையில் தவறியது.

சோதனைக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். சோதனையில் நினைவூட்ட ஆள் உண்டு, சில இடங்களில் பணமும் உண்டு. 10,000 பேருக்குமேல் இறக்கிக்கொண்ட 93 மனநலச் செயலிகளை 2019-இல் அமித் பௌமெல் குழுவினர் ஆராய்ந்தபோது, 15-ஆம் நாளில் செயலியைத் திறந்தவர்கள் 100-க்கு ஏறத்தாழ 4 பேர்தான். 'அதிகம் பயன்படுத்தியவர்கள் அதிகம் தேறினார்கள்' என்ற வாதத்தையும் நான் நம்புவதில்லை. உடம்பும் மனமும் கொஞ்சம் தேறியதால்தான் தொடர்ந்து பயன்படுத்த முடிந்தது என்றும் இருக்கலாமே.

இந்தச் செயலிகளில் பலன் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. பலன் இருக்கிறது, சிறிது. லேசான சோர்வுக்கு, யாராவது வாரம் ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தால், முயன்று பார்க்கலாம். பி.எச்.க்யூ.-9-இன் கடைசிக் கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதற்கு உங்கள் பதில் 0 இல்லையென்றால் செயலியை மூடிவிட்டு, 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். கட்டணம் கிடையாது.